ஆண் கூலியும் பெண் கூலியும்: நூற்றுக்கு எவ்வளவு குறைவு?

(ஆம்பூரை அடுத்த ஓர் ஊரில் தோல், ஷூ தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வெறும் கணக்கு. கணக்கைப் பற்றிப் பேச மேடை எதற்கு, பள்ளிக்கூட வாத்தியார் போதாதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் பெண்மக்கள் மாதம் முழுவதும் மெஷின் முன்னால் உட்கார்ந்து வாங்கி வரும் கூலி இந்தக் கணக்குக்குள்தான் அடங்கிக் கிடக்கிறது. கணக்குத் தெரியாதவனை ஏமாற்ற மந்திரமும் தந்திரமும் வேண்டியதில்லை. ஓர் எண்ணைச் சொன்னால் போதும். அவன் அதையே வேதமென்று எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

சில நாட்களுக்கு முன் ஒரு டீக்கடையில் மூன்று பேர் சண்டைக்கு நிற்பதைப் பார்த்தோம். மூவரும் ஒரே ஷூ கம்பெனி, ஒரே டீம். கல்லூரி போய் வந்த வாலிபர், "எங்கள் டீமில் ஆணை விடப் பெண்ணுக்கு நூற்றுக்கு நாற்பதுக்குப் பக்கம் குறைவு" என்றார். சங்கத்தில் இருக்கும் பெரியவர், "அவ்வளவு கிடையாது, தம்பி. இருபதுக்குள்தான்" என்றார். சம்பளப் பட்டியல் எழுதும் கணக்கர் சிரித்துக்கொண்டு, "ஒரே வேலைக்கு ஏழு கூட முழுசாக இல்லை. ஏன் ஊரைக் கலக்குகிறீர்கள்?" என்றார். ஒருவரை ஒருவர் பொய்யன் என்று சொல்லாத குறைதான்.

நாம் உட்கார்ந்து கேட்டதில், மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஒரே பட்டியலிலிருந்து மூன்று எண்களும் வரத்தான் செய்கின்றன. மூன்றும் மூன்று கேள்விகளுக்குப் பதில். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று தெரியாதபோதுதான் தொழிலாளிக்குத் தொழிலாளி சண்டை வருகிறது. வேறு எவனோ அதில் குளிர் காய்கிறான்.

பதினான்கு பேர் கொண்ட ஒரு டீம்

அந்தக் கம்பெனியின் உண்மையான சம்பளத்தை இங்கே சொல்லப் போவதில்லை. மனக்கணக்காகவே போட வசதியாக முழு எண்களாக வைத்து, நாமே ஒரு டீமை அமைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, டீமின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்த அமைப்புதான்.

ஆண்கள் 5 பேர். ஹெல்பர் ஒருவருக்கு மாதம் 11,000 ரூபாய். தையல் மெஷின் ஓட்டும் ஒருவருக்கு 12,000. கட்டிங்கில் இருவர், ஒருவருக்கு 13,000, மற்றவருக்கு 14,000. ஐந்தாமவர் சூப்பர்வைசர், அவருக்கு 35,000.

பெண்கள் 9 பேர். பசை தடவுவது, நூல் வெட்டுவது முதலிய மேஜை வேலையில் ஹெல்பராக நால்வர்: 9,000, 9,500, 10,000, 10,000. தையல் மெஷினில் ஐவர்: 10,500, 11,000, 11,000, 11,500, 12,000.

முதலில் சராசரி. ஆண்கள் ஐவரின் சம்பளத்தையும் கூட்டினால் 85,000. ஐந்தால் வகுத்தால் 17,000. பெண்கள் ஒன்பது பேரின் சம்பளத்தையும் கூட்டினால் 94,500. ஒன்பதால் வகுத்தால் 10,500. வித்தியாசம் 6,500. இந்த 6,500, ஆணின் 17,000-இல் நூற்றுக்கு எத்தனை? 38.2. வாலிபர் சொன்ன "நாற்பதுக்குப் பக்கம்" இதுதான்.

சூத்திரமாகச் சொல்வதானால்:

(ஆண் சம்பளம் − பெண் சம்பளம்) ÷ ஆண் சம்பளம் × 100

இதில் ஓர் எச்சரிக்கை. வகுக்கும் எண் ஆண் சம்பளமாகவே இருக்க வேண்டும். அதே 6,500-ஐப் பெண்ணின் 10,500-ஆல் வகுத்தால் 61.9 வரும். அது "பெண்ணை விட ஆணுக்கு எவ்வளவு அதிகம்" என்ற வேறு கேள்விக்குப் பதில். இரண்டையும் கலந்து மேடையில் பேசினால், எதிரி ஒரு நிமிஷத்தில் நம்மைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லி உட்கார வைத்துவிடுவான். கூட்டிச் சொல்லுவதும் பொய்தான். நமக்கு அது வேண்டாம்.

நடுவில் நிற்பவர் சம்பளம்

இனிப் பெரியவர் சொன்ன கணக்கு. ஆண்கள் ஐவரையும் சம்பள வரிசைப்படி, குறைந்தவர் முதலில் அதிகமானவர் கடைசியில் என்று நிற்க வையுங்கள். சரியாக நடுவில் நிற்பவர் மூன்றாவது ஆள். அவர் சம்பளம் 13,000. பெண்கள் ஒன்பது பேரையும் அப்படியே நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் ஐந்தாவது ஆள். அவர் சம்பளம் 10,500. இப்படி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பள்ளிப் புத்தகத்தில் இடைநிலை அளவு என்று எழுதியிருப்பார்கள். நாம் நடுச்சம்பளம் என்று சொல்லிக்கொள்வோம். ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் இருவர் நிற்பார்கள். அந்த இருவர் சம்பளத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ள வேண்டும்.

13,000-இல் 10,500 போனால் 2,500. அதை 13,000-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 19.2. பெரியவர் சொன்ன "இருபதுக்குள்" இதுதான்.

ஒரே டீமில் 38-ம் 19-ம் எப்படி வருகின்றன? காரணம் ஒரே ஆள், சூப்பர்வைசர். அவருடைய 35,000 சராசரியை மேலே தூக்கி விடுகிறது. 17,000 என்று சொல்கிறோமே, மற்ற நான்கு ஆண்களில் ஒருவராவது 17,000 வாங்குகிறாரா? இல்லை, 14,000-க்கு மேல் யாரும் வாங்கவில்லை. ஊரில் ஒரு மிராசுதாரரும் ஒன்பது கூலிக்காரரும் இருந்தால், சராசரி பார்த்துப் பத்துப் பேரும் வசதிக்காரர் என்று சொல்லிவிடலாம். சராசரியின் குணம் அப்படி. நடுச்சம்பளமோ கடைசியில் நிற்பவர் 35,000 வாங்கினாலும் 3,50,000 வாங்கினாலும் அசையாது, 13,000-லேயே நிற்கும்.

சூப்பர்வைசரை நீக்கிவிட்டுப் பாருங்கள். மீதி நான்கு ஆண்களின் சராசரி 12,500. நடுச்சம்பளம், 12,000-க்கும் 13,000-க்கும் இடையில், அதுவும் 12,500. பெண்களுடையது இரண்டும் 10,500. குறைவு இரண்டு விதத்திலும் 16. ஆகவே 38-க்கும் 16-க்கும் உள்ள இடைவெளி முழுவதும் ஒரே நாற்காலியிலிருந்து வந்தது.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் சராசரி பொய்க்கணக்கு, நடுச்சம்பளமே மெய்க்கணக்கு" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. பதினான்கு பேரில் ஒன்பது பேர் பெண்களாயிருக்க, அந்த ஒரு நாற்காலியில் ஏன் ஓர் ஆணே உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வியைச் சராசரிதான் எழுப்புகிறது. நடுச்சம்பளம் அந்த நாற்காலியைப் பார்ப்பதே இல்லை. சாதாரணத் தொழிலாளியின் நிலைமையை நடுச்சம்பளம் காட்டுகிறது. மேலே ஏறும் ஏணி யாருக்குக் கிடைக்கிறது என்பதைச் சராசரி காட்டுகிறது. சராசரிக் குறைவு நடுக்குறைவை விட மிகவும் அதிகமாக இருந்தால், மேல்படியில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். ஆதலால் இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லுகிறவர் மற்றதை ஏன் மறைக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

கணக்கர் சொன்ன ஏழு

நிற்க, கணக்கர் சொன்னது என்ன? அவர் தையல் மெஷினில் இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். அங்கே ஆண் ஒருவர், 12,000. பெண்கள் ஐவரின் சராசரி 11,200. குறைவு 800. நூற்றுக்கு 6.7. ஏழு கூட முழுசாக இல்லை என்றது நிஜம்.

ஆனால் ஹெல்பர் கணக்கை அவர் சொல்லவில்லை. அங்கே ஆணுக்கு 11,000. பெண்கள் நால்வரின் சராசரி 9,625. குறைவு 1,375. நூற்றுக்கு 12.5. மிகவும் குறைவாகச் சம்பளம் வாங்கும் இடத்தில்தான் ஒரே வேலைக்கான வித்தியாசம் அதிகமாக இருக்கிறது. கணக்கர் பொய் சொல்லவில்லை. தமக்குச் சௌகரியமான வரிசையை மட்டும் படித்துக் காட்டினார்.

இங்கே சட்டத்துக்கும் இந்தச் சதவிகிதக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் என்று கூலியில் பேதம் காட்டக் கூடாது என்பது சட்டம். 1976-ஆம் வருஷச் சம ஊதியச் சட்டம் அதைச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் வருஷ ஊதியத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்து, அதையே சொல்லுகிறது. ஆகவே ஹெல்பரின் 12.5-ம் தையலின் 6.7-ம் சட்டத்தின் முன் கேள்வி கேட்கக்கூடிய எண்கள். ஆனால் 38-ஐயோ 19-ஐயோ மட்டும் தூக்கிக்கொண்டு போய், "சட்டம் மீறப்பட்டது" என்று சொல்ல முடியாது. அந்த எண்களில் வேலைப் பிரிவினை, பதவி உயர்வு, அனுபவம் எல்லாம் கலந்திருக்கின்றன. அவை நோய் இருக்கிறது என்று காட்டும் காய்ச்சல் அளவு. என்ன நோய் என்பதை உள்ளே புகுந்துதான் பார்க்க வேண்டும்.

6.7-உம் கூட அப்படியே தீர்ப்பு ஆகாது. அந்த ஒரே ஆண் பத்து வருஷ அனுபவக்காரராக இருக்கலாம். பெண்களில் ஒருவர் போன மாதம் சேர்ந்தவராக இருக்கலாம். ஒரே ஆளை வைத்துப் போட்ட சதவிகிதம், அவர் ஒருவர் நின்றுவிட்டால் மறுநாளே காணாமற் போகும். ஆகவே சேர்ந்த வருஷத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, சம அனுபவமுள்ளவர்களை எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் வித்தியாசம் நின்றால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் முதலாளி.

"சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இந்த ரேட் வைத்தோம்" என்று ஒரு சாக்கு வருவதுண்டு. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனியில் பெண் ஸ்டெனோக்களுக்கு ஆண் ஸ்டெனோக்களை விடக் குறைவாகச் சம்பளம் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனிக்குப் பணமுடை என்ற வாதங்களை 1987-இல் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. நம் சங்கத் தோழர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம்: பெண்ணுக்குச் சமமாக்குவதற்காக என்று சொல்லி உங்கள் கூலியைக் குறைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. கீழே இருப்பதை உயர்த்தித்தான் சமமாக்க வேண்டும். ஆகவே பெண் கூலி உயர்ந்தால் நம் பிழைப்பு போய்விடும் என்று யாராவது உங்கள் காதில் ஓதினால் நம்பாதீர்கள்.

கட்டிங் ஆணுக்கு, தையல் பெண்ணுக்கு என்று எழுதியவர் யார்?

இனி மீதியுள்ள காரணத்தைப் பார்ப்போம். கட்டிங்கில் இருப்பவர்கள் இருவரும் ஆண்கள்; 13,000, 14,000. தையலில் பெரும்பாலும் பெண்கள். அதில் மிக அதிகமே 12,000. ஏன் என்று கேட்டால், கட்டிங் பலத்தின் வேலை, அதிலும் தோல் விலை உயர்ந்த சரக்கு, ஒரு வெட்டுத் தவறினால் நஷ்டம் என்கிறார்கள். பெண்ணுக்கோ விரல் நளினம், பொறுமை இயற்கையாக அமைந்திருக்கிறதாம், ஆகவே தையலாம்.

இந்த வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கையால் கத்தி பிடித்து வெட்டிய காலத்தில் பலம் என்பதற்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருந்தது. இன்று வெட்டும் அச்சைத் தோல்மேல் வைத்து மெஷினை அழுத்தினால் வெட்டுவது மெஷின். அங்கே ஆளுக்கு வேண்டியது கண்ணும் கணக்கும்: தோலில் தழும்பு எங்கே, உண்ணி கடித்த தடம் எங்கே, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எப்படி அச்சை அடுக்கினால் வீண் குறையும் என்று பார்ப்பது. இது மெய்யான திறமைதான். அதற்குக் கூலி அதிகம் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண் ஆணுக்கு மட்டும் முளைக்கிறது என்று எந்த உடற்கூறு நூலில் எழுதியிருக்கிறது?

தையலைப் பாருங்கள். துணியில் தையல் தவறினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி பட்ட துளை பட்டதுதான், அது மூடாது. வெட்டி, ஓரம் சீவி, ஒட்டி முடித்த அப்பரில் ஒரு வரி தவறினால், வெட்டின கூலியும் ஒட்டின கூலியும் தோலும் சேர்ந்து போயிற்று. அப்படியானால் நஷ்டப் பயத்துக்காகக் கட்டிங்குக்குக் கூலி அதிகம் என்ற நியாயம் தையலுக்கு ஏன் பொருந்தவில்லை? விரல் நளினம் இயற்கையின் வரம் என்று புகழ்ந்துவிட்டு, இயற்கையாக வந்ததற்குக் கூலி எதற்கு என்று குறைத்துக் கொடுப்பது, இன்ன ஜாதிக்கு இன்ன தொழில் என்று பிறப்பிலேயே எழுதிவைத்த பழைய புரட்டின் மறுபதிப்பல்லவா? பழக்கத்தை இயற்கை என்று பெயரிட்டு அழைத்தால் அது இயற்கை ஆகிவிடாது.

ஆகவே நம் டீமின் 19.2-க்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே வேலைக்குக் குறைந்த ரேட். மற்றொன்று, ரேட் அதிகமுள்ள வேலைக்குப் பெண்ணைப் பழக்காமல் வைத்திருப்பது. முதலாவதுக்கு மருந்து ரேட்டைச் சமமாக்குவது. இரண்டாவதுக்கு மருந்து கட்டிங் மேஜையிலும் சூப்பர்வைசர் நாற்காலியிலும் பெண்களுக்கு இடம். மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் தீராது.

கூலி உயராமலே கணக்கு நன்றாகத் தெரியும் வித்தை

இப்போது ஒரு ஜால வித்தை காட்டுகிறோம். அதே டீம், ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூட உயர்த்தவில்லை. ஹெல்பர் பெண்கள் நால்வரையும் கம்பெனிப் பட்டியலிலிருந்து எடுத்து, காண்டிராக்டர் பட்டியலில் எழுதிவிடுங்கள். அவர்கள் அதே மேஜையில், அதே பசையைத்தான் தடவுகிறார்கள். ஆனால் கம்பெனிப் பட்டியலில் இப்போது பெண்கள் ஐவர்தான். சராசரி 11,200, நடுச்சம்பளம் 11,000. சராசரிக் குறைவு 38.2-இலிருந்து 34.1-க்கு இறங்கிவிட்டது. நடுக்குறைவு 19.2-இலிருந்து 15.4-க்கு இறங்கிவிட்டது. மேல்நாட்டு வியாபாரிக்கு எழுதி அனுப்பும் அறிக்கையில், "பெண் ஊதியத்தில் முன்னேற்றம்" என்று போட்டுக்கொள்ளலாம்! குறைந்த கூலிக்காரியைக் கணக்கிலிருந்து வெளியேற்றினால், கணக்கு அழகாகிவிடும். ஆகவே சதவிகிதம் சொன்னவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் யார் யாரைச் சேர்த்தீர்கள்?" என்பதே.

இந்தக் கேள்வி நம் பக்கத்தில் மிகவும் பெரிய கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பக்கத்துக் கம்பெனிகளுக்குள் வேன் ஏறி வரும் பெண்களோடு கதை முடிந்துவிடவில்லை. சுற்றுக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கொண்டு வந்து கொடுப்பவர் இடைத் தரகர். பெரும்பாலும் சம்பளச் சீட்டு கிடையாது. இவர்கள் எந்த டீமிலும் இல்லை. ஆகவே எந்தச் சதவிகிதத்திலும் இல்லை.

இவர்களுடைய கூலியை மாதக் கணக்கில் வைத்து ஒப்பிட முடியாது. ஒருவர் நாளைக்கு மூன்று மணி நேரம் தைப்பார், மற்றவர் எட்டு மணி தைப்பார். ஆகவே மணிக் கணக்காக்க வேண்டும். கணக்குக்காக ஜோடிக்கு 12 ரூபாய், மணிக்கு இரண்டு ஜோடி என்று வைத்தால் மணிக்கு 24 ரூபாய். நம் டீமில் 10,500 வாங்கும் பெண் மாதம் 26 நாள், நாளைக்கு 8 மணி, மொத்தம் 208 மணி வேலை செய்தால் மணிக்குச் சுமார் 50 ரூபாய். உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் திண்ணையில் இருக்கும் பெண்ணுக்கும் நடுவிலேயே பாதிக்குப் பாதி விழுகிறது. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி, நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 2017-இல் ஒரு விதி செய்தார்கள். 250 பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், ஆண் பெண் சம்பள வித்தியாசத்தைச் சராசரியாகவும் நடுச்சம்பளமாகவும், மணிக் கணக்கில், வருஷா வருஷம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இது நல்ல விதி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஷூ விற்கும் கம்பெனி தன் கடைப் பெண்ணையும் ஆபீஸ் பெண்ணையும்தான் அதில் எண்ணும். அந்த ஷூவைத் தைத்த ஆம்பூர்ப் பெண்ணும் பேர்ணாம்பட்டுப் பெண்ணும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகள் ஆயிரத்துக்கு, ஆண் பெண் நடுச்சம்பளத்தை அறிக்கையில் காட்ட வேண்டும் என்று 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே நம் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

நாமே போடுவது எப்படி?

வழி கஷ்டமானதல்ல. ஒரே மாதத்துச் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஆணா பெண்ணா, என்ன வேலை, சேர்ந்த வருஷம், சம்பளம் இந்த நான்கும் போதும். பெயரை எழுதினால் நாளைக்கு அந்தக் காகிதம் ஒருவரின் வேலைக்கு உலை வைத்துவிடும்.

கையில் வாங்கிய தொகையை எழுதக் கூடாது. பி.எப்., இ.எஸ்.ஐ., வாங்கிய அட்வான்ஸ் இவைகளைப் பிடிப்பதற்கு முன்னுள்ள மொத்தச் சம்பளத்தை எழுத வேண்டும். கலியாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கினவர் கையில் குறைவாக வாங்குவார். அது கடன் கழிவதே தவிரக் கூலிக் குறைவல்ல. ஓவர்டைமைத் தனியாகப் பிரித்து வையுங்கள். இரவு வரை நின்றவருக்கு அதிகம் வந்தால் அது நேரத்தின் வித்தியாசம். தீபாவளி போனஸ் வந்த மாதத்தைத் தவிர்த்து, சாதாரண மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத நடுவில் சேர்ந்தவர், பிரசவ லீவில் இருப்பவர், சம்பளமில்லாத லீவு போட்டவர் இவர்களுடைய சீட்டை அப்படியே சேர்த்தால் கணக்குக் கெட்டுப்போகும். 10 நாள் மட்டும் வேலை செய்து 4,000 வாங்கினவரை 4,000 ரூபாய்ச் சம்பளக்காரி என்று எழுதினால் தவறு. நாள் கூலி 400. 26 நாளுக்கு 10,400 என்று எழுத வேண்டும். ஆனால் லீவு போட்டவர் யார், எதற்காக என்பதைத் தனியே குறித்து வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்போதும் தாய்தானே லீவு போடுகிறாள்? அது கம்பெனிக் கணக்கில் வராத நம் வீட்டுக் கணக்கு. அந்தக் குற்றத்துக்கு முதலாளியை நோக்கிக் கைநீட்டிப் பயனில்லை. நாமே பதில் சொல்ல வேண்டும்.

பிறகு ஆண் ஒரு வரிசை, பெண் ஒரு வரிசையாக எழுதி, சராசரி ஒன்று, நடுச்சம்பளம் ஒன்று, ஒவ்வொரு வேலைக்குள்ளும் தனியாக ஒன்று என்று மூன்று கணக்கும் போடுங்கள். எத்தனை பேரை வைத்துப் போட்டது, யாரைச் சேர்க்கவில்லை என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். சில டீமில் குறைவு பூஜ்யமாக வரும். பெண் சூப்பர்வைசர் இருந்தால் பெண்கள் பக்கம் அதிகமாகக் கூட வரும். அப்படி வந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் பூஜ்யம் வந்ததாலேயே எல்லோருக்கும் நல்ல கூலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆணும் பெண்ணும் சமமாகப் பட்டினி கிடந்தாலும் வித்தியாசம் பூஜ்யம்தான்.

அந்த டீக்கடைக் கதையை முடித்துவிடுகிறோம். மூவரும் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் மூன்று கணக்கையும் எழுதிப் பார்த்தார்கள். பக்கத்தில் இட்லி வாங்க நின்ற ஒரு தையல் மெஷின் அம்மாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, அண்ணே. எங்க அண்ணி திண்ணையில் தைக்கிறாங்களே, அவங்க இதில் எந்த வரிசை?" என்று கேட்டார். மூவரிடமும் பதிலில்லை. காகிதத்தில் அவருக்கு வரிசையே போடவில்லை. கணக்கர்தான் மறுபடி பேனாவை எடுத்து, நான்காவது வரிசைக்குக் கோடு இழுத்தார்.

அந்த நான்காவது வரிசையை நிரப்பும் வேலையை இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களும் தோழர்களும் இன்றிரவே தொடங்கலாம். ஒரு பென்சிலும் ஒரு கடிகாரமும் போதும்.